வெறுந்தட்டுகளின் எடை: 17ஆம் நூற்றாண்டு டச்சு இல்லக் காட்சி ஓவியங்களில் அறப்பொருளை அறியும் முறை

ஆய்வுச் சுருக்கம்

17ஆம் நூற்றாண்டில் வடக்கு நெதர்லாந்தில் தீட்டப்பட்ட இல்லக் காட்சி ஓவியங்கள், அன்றாட வாழ்வைக் காட்டுவனபோலத் தோன்றினும் அறக்கருத்துகளை உள்ளடக்கியவை என்பது கலை வரலாற்றில் நிலைபெற்ற ஒரு கருத்தாகும். அவ்வறக்கருத்து ஓவியத்தில் உள்ளதா, நோக்குவோரால் ஏற்றப்படுகிறதா என்பதை எவ்வாறு முடிவு செய்வது என்பதே இக்கட்டுரையின் வினா. யொஹானஸ் வெர்மீரின் ‘தராசு ஏந்திய பெண்’ ஓவியம் முதன்மைச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. தனிப்பொருள் ஒன்றிற்கு நூல்வழிப் பொருள் காணும் முறை நிலையற்றது என்பதும், ஓவியப் பரப்பின் பொருட்சான்றும் பொருள்களுக்கு இடையே ஓவியர் அமைத்த உறவுமே அறப்பொருளுக்கு உறுதியான அடிப்படை என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: டச்சு ஓவியம், இல்லக் காட்சி, வெர்மீர், சின்னநூல், உள்ளுறைப் பொருள், பொருட்சான்று.

முன்னுரை

வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் யான் ஸ்டேன் 1663இல் தீட்டிய ஓவியம் ஒன்று உள்ளது. இல்லத் தலைவி இடப்புறத்தில் உறங்கிவிட்டாள். மேசைமேல் ஏறிய நாய் உணவைத் தின்கிறது. குழந்தைகள் தம் விருப்பம்போல் ஆடுகின்றனர். குரங்கு கடிகாரத்தில் கைவைக்கிறது. கூரையிலிருந்து தொங்கும் கூடையில் ஊன்றுகோலும் தண்டனைப் பிரம்பும் தெரிகின்றன. இவ்வீட்டார்க்கு வரவிருக்கும் வறுமையும் தண்டனையும் இவர்தம் தலைக்குமேலேயே தொங்குகின்றன. வலப்புறக் கீழ்மூலையில் கிடக்கும் கற்பலகையில், செல்வச் செழிப்பில் எச்சரிக்கையாய் இரு எனப் பொருள்படும் டச்சுத் தொடர் எழுதப்பட்டுள்ளது. ஒழுங்கற்ற வீட்டை ‘யான் ஸ்டேன் வீடு’ என்று டச்சு மக்கள் இன்றும் கூறுவர். இவ்வோவியத்தின் அறப்பொருளில் ஐயத்திற்கு இடமில்லை. ஓவியரே அதை எழுதிக் காட்டிவிட்டார்.

ஆனால், இக்காலப் பகுதியின் இல்லக் காட்சி ஓவியங்களுள் பெரும்பாலானவற்றில் இத்தகைய கற்பலகை இல்லை. ஒரு பெண் மடல் படிக்கிறாள்; ஒருத்தி பால் ஊற்றுகிறாள்; ஒருத்தி தராசைப் பிடித்து நிற்கிறாள். எழுத்துச் சான்று ஓவியத்தினுள் இல்லாதபோது, அக்காட்சி அறம் உரைக்கிறது என்று எதனைக் கொண்டு கூறுவது? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். ‘உள்ளுறை’ என்னும் சொல் இங்கு அகப்பாடல் மரபின் இலக்கணப் பொருளில் அன்றி, வெளிப்படையாகக் கூறப்படாத கருத்து என்னும் பொதுப்பொருளிலேயே ஆளப்படுகிறது.

இருவேறு ஆய்வு நிலைப்பாடுகள்

டச்சு ஆய்வாளர் எட்டி டி யோங் 1960களின் பிற்பகுதியிலிருந்து ஒரு முறையியலை வளர்த்தெடுத்தார். அக்காலத்தில் நெதர்லாந்தில் சின்னநூல்கள் பெரிதும் பயிலப்பட்டன. ஒரு படம், ஒரு குறுந்தொடர், அதனை விளக்கும் செய்யுள் அல்லது உரைநடை என்னும் மூன்றும் இணைந்ததே சின்னம் எனப்பட்டது. ரூமர் விஸ்ஸர் 1614இல் வெளியிட்ட நூலும், இல்லற வாழ்வு குறித்து யாகோப் காட்ஸ் 1625இல் வெளியிட்ட நூலும் அக்காலத்தோர் நன்கறிந்தவை. இந்நூல்களில் வரும் பொருள்கள் ஓவியங்களிலும் வருவதால், நூல் தரும் பொருளைக் கொண்டு ஓவியத்தை விளக்கலாம் என்பது டி யோங்கின் கொள்கை. இவ்வோவியங்களின் நடப்பியலை அவர் ‘தோற்ற நடப்பியல்’ என்றார். கண்ணுக்கு வீடாகவும் கருத்துக்கு அறவுரையாகவும் இருப்பது என்பது அதன் கருத்து. 1976இல் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் நடைபெற்ற கண்காட்சி இக்கொள்கையைப் பரவலாக்கியது.

இதற்கு வலுவான மறுப்பு 1983இல் ஸ்வெட்லானா ஆல்பர்ஸிடமிருந்து வந்தது. டச்சுக் கலை கதை கூறும் கலை அன்று, விவரிக்கும் கலை என்றார் அவர். நிலப்படம், கண்ணாடி வில்லை, நுண்ணோக்கி ஆகியவற்றைப் போற்றிய ஒரு பண்பாட்டில் காண்பதே அறிவாக மதிக்கப்பட்டது. எனவே, பரப்பிற்கு அடியில் பொருளைத் தேடுவது அக்கலையின் இயல்புக்கு மாறானது என்பது அவர் வாதம்.

இவ்விரு நிலைப்பாடுகளுள் ஒன்றை முழுமையாக ஏற்று மற்றொன்றைத் தள்ளுதல் எளிது. பல கட்டுரைகள் அவ்வாறே செய்துள்ளன. ஆனால் இரண்டிலும் ஒரு குறை பொதுவாக உள்ளது. இன்ன ஓவியத்தில் இன்ன பொருள் உண்டு அல்லது இல்லை எனச் சோதித்து அறியும் வழியை இரண்டுமே தெளிவாக வகுக்கவில்லை. அச்சோதனை ஏன் தேவை என்பதை ஒரு புகழ்பெற்ற பிழை உணர்த்தும்.

தலைப்பு விளைவித்த பிழை

கெரார்ட் டெர் போர்க் ஏறத்தாழ 1654இல் ஓர் உள்ளறைக் காட்சியைத் தீட்டினார். ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் ஒன்றும் பெர்லினில் ஒன்றுமாக அதன் இரு வடிவங்கள் உள்ளன. பளபளக்கும் வெண்பட்டு உடுத்த இளம்பெண் நமக்கு முதுகு காட்டி நிற்கிறாள். அமர்ந்திருக்கும் படைவீரன் கையை உயர்த்தி ஏதோ கூறுகிறான். அருகில் மற்றொரு பெண் மதுக்கிண்ணத்தை உதட்டில் வைத்திருக்கிறாள். பின்புறம் திரையிட்ட கட்டில் உள்ளது.

யொஹான் கெயோர்க் வில்ல 1765இல் இதனைச் செப்புத்தகட்டு அச்சுப்படமாக வெளியிட்டபோது, ‘தந்தையின் அறிவுரை’ எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தலைப்பைச் சூட்டினார். 1809இல் வெளிவந்த தம் புதினத்தில் கோதே இப்படத்தை மாந்தர் நடித்துக் காட்டும் ஒரு காட்சியை அமைத்தார். மாண்புமிக்க தந்தை மகளுக்கு மென்மையாக அறிவுரை கூறுவதாகவும், தாய் தன் சங்கடத்தை மறைக்க மதுக்கிண்ணத்தை நோக்குவதாகவும் அங்கு விளக்கப்பட்டது. பிற்கால ஆய்வாளர்கள் அவ்வீரன் தந்தையாக இருக்க இயலாத இளையவன் என்பதையும் கட்டிலையும் சுட்டிக்காட்டினர். இது காதல் வேண்டல் அல்லது விலை பேசல் என்றனர். அவன் விரல்களிடையே நாணயம் இருந்ததாகவும் சிலர் கூறினர். எனினும், இன்று காணும் ஓவியத்தில் நாணயம் தெளிவாகத் தெரியவில்லை.

அறிவுரை எனக் கண்டவர்களும் பரத்தமை எனக் கண்டவர்களும் எதிரெதிர் முடிவுகளை எய்தினர். ஆயினும் இருசாராரும் ஒரே வழியிலேயே சென்றனர். முதலில் ஒரு கதையை வகுத்துக்கொண்டு, பிறகு அதற்கேற்பப் பொருள்களைப் பார்த்தனர். முன்னவர்க்குத் தலைப்பு கதையைத் தந்தது. பின்னவர்க்குக் கட்டில் தந்தது. இவ்வகை ஓவியங்களின் இன்றைய தலைப்புகள் பெரும்பாலும் ஓவியர் இட்டவை அல்ல. அச்சுப்படக் கலைஞரும் ஏலக்காரரும் அருங்காட்சியகத்தாரும் இட்டவை. ஆதலின், தலைப்பைச் சான்றாகக் கொள்ளாமை இவ்வாய்வின் முதல் ஒழுங்காகிறது.

தராசு ஏந்திய பெண்: தட்டில் இருப்பது யாது?

வெர்மீர் ஏறத்தாழ 1664இல் தீட்டிய ‘தராசு ஏந்திய பெண்’ வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. ஏறத்தாழ 40 செ.மீ. உயரமும் 36 செ.மீ. அகலமும் கொண்ட சிறிய ஓவியம் இது. இடப்புறத்தில் உயரே உள்ள சாளரத்தின் மஞ்சள் திரையைக் கடந்து ஒளி வருகிறது. வெண்முக்காடும், வெண்மயிர் விளிம்புடைய நீல மேற்சட்டையும் அணிந்த பெண் வலக்கையில் சிறு தராசைப் பிடித்திருக்கிறாள். இடக்கை விரல்கள் மேசை விளிம்பில் படிந்துள்ளன. மேசைமேல் திறந்த பேழை, முத்துச் சரங்கள், பொற்சங்கிலி, நாணயங்கள் ஆகியன உள்ளன. அவள் முகத்திற்கு எதிரே சுவரில் கண்ணாடி உள்ளது. அவளுக்குப் பின்னால் இறுதித் தீர்ப்பு நாளைக் காட்டும் பெரிய ஓவியம் மாட்டப்பட்டுள்ளது.

1696ஆம் ஆண்டு மே மாதம் ஆம்ஸ்டர்டாமில் வெர்மீரின் 21 ஓவியங்கள் ஏலம் விடப்பட்டன. இவ்வோவியமே அப்பட்டியலின் முதல் எண். பேழையுள் வைக்கப்பட்ட, தங்கம் நிறுக்கும் இளம்பெண் எனப் பட்டியல் அதனைக் குறித்தது. 155 கில்டருக்கு அது விலைபோயிற்று. அன்றிலிருந்து ‘தங்கம் நிறுப்பவள்’ என்றும், பின்னர் ‘முத்து நிறுப்பவள்’ என்றும் அது அறியப்பட்டது. தங்கமும் முத்தும் நிறுப்பவள், எதிரே கண்ணாடி, பின்னால் இறுதித் தீர்ப்பு என்னும் மூன்றையும் சேர்த்து, உலகப் பொருளின் நிலையாமையை உணராத பெண்ணைக் கண்டிக்கும் ஓவியம் இது என்னும் விளக்கம் எழுந்தது. 1938இல் ஹெர்பர்ட் ருடால்ஃப் இதனை நிலையாமைக் கருத்தின்கீழ் வைத்து ஆராய்ந்தார்.

இவ்விளக்கம் முழுவதும் தராசுத் தட்டில் பொருள் ஒன்று உள்ளது என்பதையே அடித்தளமாகக் கொண்டது. நுண்ணோக்கி ஆய்வு அவ்வடித்தளத்தை நீக்கியது. ஆர்தர் வீலாக் எடுத்துரைத்த அவ்வாய்வின் முடிவு இது: மேசைமேல் உள்ள பொன்னின் ஒளிர்விடங்களை வெர்மீர் ஈய-வெள்ளீய மஞ்சளால் தீட்டியுள்ளார், தட்டின் நடுவே தெரியும் வெளிர்ப்புள்ளியில் அந்நிறமி இல்லை. எனவே அது பொன் அன்று. மேசைமேல் உள்ள முத்துகள் மங்கிய அடிப்பூச்சின்மீது ஒளிப்புள்ளி வைத்து இரு படிகளாகத் தீட்டப்பட்டவை. தட்டில் உள்ள புள்ளியோ ஒரே படியில் அமைந்தது. எனவே அது முத்தும் அன்று. சாளர ஒளி உலோகத் தட்டில் பட்டுத் தெறிப்பதையே அது காட்டுகிறது. தட்டுகள் வெறுமையானவை.

இங்கு ஓவியத்தை ஓவியத்தைக் கொண்டே சோதித்த முறை கருதத்தக்கது. ஓவியர் பொன்னையும் முத்தையும் எவ்வாறு தீட்டுவார் என்பதற்கு அதே பரப்பில் சான்று உள்ளது. ஐயத்திற்குரிய புள்ளி அச்சான்றுடன் ஒப்பிடப்பட்டது. வெளிநூல் எதுவும் இச்சோதனைக்குத் தேவைப்படவில்லை. இதன்பின் ஓவியத்தின் பெயரும் ‘தராசு ஏந்திய பெண்’ என மாறியது.

வெறுந்தட்டும் அறமும்

தட்டுகள் வெறுமையானவை எனில் ஓவியத்தில் அறப்பொருள் இல்லை என்றாகுமா? அவ்வாறு ஆகாது என்பதற்கு ஓவியத்தின் அமைப்பே சான்று. சுவர் ஓவியத்தின் சட்டத்தை உற்று நோக்கினால், அதன் கீழ்விளிம்பு பெண்ணுக்குப் பின்புறத்தில் தாழ்ந்தும், அவளுக்கு முன்புறத்தில் தராசுள்ள பக்கத்தில் உயர்ந்தும் இருப்பதைக் காணலாம். ஒரே சட்டத்தின் விளிம்பு இவ்வாறு இரு உயரங்களில் அமைதல் நடப்பில் இயலாது. வெற்றுச் சுவரின்முன் தராசு தனித்துத் தெரியவேண்டும் என்பதற்காகவே ஓவியர் விளிம்பை உயர்த்தினார் எனலாம். அறையின் கோடுகள் சென்று கூடும் மறைபுள்ளியும் தராசைப் பிடித்த விரல்நுனியின் அருகிலேயே விழுகிறது. கண்ட அறையை உள்ளவாறே பெயர்த்து வைப்பவர் இவ்வாறு செய்யவேண்டுவதில்லை. முழுமையும் விவரிப்பே என்னும் நிலைப்பாடு இங்கு தடுமாறுகிறது.

சுவர் ஓவியத்திற்கும் பெண்ணுக்கும் உள்ள இட உறவும் இவ்வாறே அமைந்துள்ளது. கிறித்து அவள் தலைக்கு மேலே ஒளியிடையே தோன்றுகிறார். கீழே மாந்தர் இருபுறமும் பிரிக்கப்படுகின்றனர். இறுதித் தீர்ப்பு ஓவிய மரபில், உயிர்களை நிறுக்கும் தேவதூதர் மிக்கேல் இருபுறத்திற்கும் இடையே தராசுடன் நிற்பதுண்டு. வெர்மீரின் ஓவியத்தில் அந்நடுவிடத்தைப் பெண்ணின் உருவம் மறைக்கிறது. பின்னுள்ள ஓவியத்தில் தெரியாத தராசு முன்னுள்ள பெண்ணின் கையில் இருக்கிறது. அறப்பொருள் தராசிலும் இல்லை, தீர்ப்பு ஓவியத்திலும் இல்லை. ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பும் உறவில் உள்ளது.

இதே காலத்தில் பீட்டர் டி ஹோக் தீட்டிய, பெர்லினில் உள்ள ஓவியம் இதனை உறுதிப்படுத்த உதவும். அங்கும் சாளரத்தருகே மேசை உள்ளது. சிறு தராசுடன் ஒரு பெண் நிற்கிறாள். ஆனால் அவள் நாணயம் நிறுக்கிறாள். பின்சுவரை அணிசெய்வது பொன்னிறத் தோல் விரிப்பே. தீர்ப்பு ஓவியம் அங்கு இல்லை. நாணயம் நிறுத்தல் அக்காலத்தில் இயல்பான செயல். பல நாணயச்சாலைகளின் காசுகள் ஒருங்கே புழங்கின. விளிம்பு வெட்டப்பட்டு எடை குறைந்த காசுகளும் அவற்றுடன் கலந்து வந்தன. ஆகவே சிறு தராசும் எடைக்கற்களும் அடங்கிய பெட்டியை மக்கள் வைத்திருந்தனர். டி ஹோக்கின் பெண்ணை அறத்தின் சின்னமாகவோ பேராசையின் சின்னமாகவோ கொள்ள ஓவியத்தினுள் தூண்டுதல் மிகக் குறைவு. ஒரே தராசு ஓர் ஓவியத்தில் கருவியாக நிற்கிறது; மற்றொன்றில் கருவியும் கருத்துமாக நிற்கிறது. வேறுபாட்டை உண்டாக்குவது பொருள் அன்று, அது நிற்கும் சூழல்.

நாணயம் நிறுக்கும் நடைமுறை வெறுந்தட்டிற்கும் ஒரு விளக்கம் தருகிறது. நிறுக்கத் தொடங்குமுன் வெறுந்தராசைத் தூக்கி, அதன் தண்டு அசைவு நின்று சமநிலைக்கு வரும்வரை காத்திருத்தல் நிறுப்போர் வழக்கம். தராசு கோணலானால் எடை அனைத்தும் பொய்யாகும். வெர்மீரின் பெண் செய்வது இச்சரிபார்ப்பே எனக் கொண்டால், அன்றாடச் செயலும் அறக்கருத்தும் ஒன்றையொன்று விலக்காமல் இணைகின்றன. பிறவற்றை அளக்குமுன் தன் அளவுகோலைச் சரிபார்த்தல் என்பது தீர்ப்பு ஓவியத்தின்முன் நிற்பவளுக்குப் பொருந்தும் அறம். இது இக்கட்டுரையின் கருத்துரையே அன்றி ஓவியரின் கூற்று அன்று. எனினும், கண்டனம் என்னும் பழைய விளக்கத்தைவிட, சாந்தமான முகம், அசையாத தண்டு, வெறுந்தட்டு ஆகியவற்றுடன் இது ஒத்துச் செல்கிறது.

விளக்கம் எங்கு நிற்கவேண்டும் என்பதையும் இவ்வோவியமே காட்டுகிறது. அவள் கருவுற்றவள் என்றும், அதனால் அன்னை மரியாவை நினைவூட்டுபவள் என்றும் சிலர் கூறினர். அக்காலத்து மேற்சட்டையும் பருத்த பாவாடையுமே அத்தோற்றத்திற்குக் காரணம் என மற்றவர் மறுத்தனர். ஓவியத்தினுள் இதனைத் தீர்க்கும் ஒப்புமைச் சான்று இல்லை. முத்துகளும் அத்தகையனவே. முத்து தூய்மைக்கும் சின்னம், செருக்கிற்கும் சின்னம் என்பதை டி யோங்கே 1970களில் ஒரு கட்டுரையில் விரிவாகக் காட்டினார். ஒரு பொருள் எதிரெதிர்க் கருத்துகளைச் சுட்டும் என்றால், அப்பொருளின் இருப்பு மட்டும் எதனையும் நிறுவாது.

மறைக்கப்பட்ட மன்மதன்: ஓர் எதிர்ச்சோதனை

பொருட்சான்று எப்போதும் சின்னப் பொருளைக் குறைக்கும் என எண்ணலாகாது. வெர்மீர் 1650களின் பிற்பகுதியில் தீட்டிய, ட்ரெஸ்டனில் உள்ள ஓவியத்தில், திறந்த சாளரத்தருகே ஒரு பெண் மடல் படிக்கிறாள். அவளுக்குப் பின்னால் இருந்தது வெற்றுச் சுவர். அச்சுவரின் அமைதியே வெர்மீரின் அடக்கத்திற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்பட்டது. 1979இல் எடுத்த ஊடுகதிர்ப்படம், சுவர்ப்பூச்சின் அடியில் மன்மதன் உருவமுள்ள ஓவியம் இருப்பதைக் காட்டியது. வெர்மீரே கருத்து மாறி அதனை மறைத்தார் எனக் கருதப்பட்டது.

2017இல் தொடங்கிய சீரமைப்புப் பணி அக்கருத்தை மாற்றியது. மன்மதன் உருவத்திற்கும் மேற்பூச்சிற்கும் இடையே பழைய வார்னிஷும் அழுக்குப் படலமும் இருந்தன. ஓவியர் தம் பணியின்போதே மறைத்திருந்தால் இடையில் அழுக்குப் படிய வழியில்லை. மன்மதன் பல பத்தாண்டுகள் வெளித்தெரிய இருந்த பின்னரே வேறொருவர் கையால் மறைக்கப்பட்டான் என்பது இதனால் தெளிவாயிற்று. நுண்ணோக்கியின்கீழ் கூர்கத்தியால் மேற்பூச்சு நீக்கப்பட்டு, 2021இல் ஓவியம் மீண்டும் காட்சிக்கு வைக்கப்பட்டது. இன்று மன்மதன் தரையில் கிடக்கும் முகமூடிகளை மிதித்து நிற்கிறான். பொய்த்தோற்றத்தை வெல்லும் உண்மைக் காதல் என்னும் கருத்து படிக்கப்படும் மடலுடன் சேர்கிறது.

தராசு ஓவியத்தில் பொருள் இருப்பதாகக் கொண்டது பிழையாயிற்று. மடல் ஓவியத்தில் பொருள் இல்லை எனக் கொண்டது பிழையாயிற்று. முன்னது சின்னநூல் வழிச் செல்வோர்க்கும், பின்னது விவரிப்பே முழுமை என்போர்க்கும் எச்சரிக்கை. இரு பிழைகளையும் வெளிப்படுத்தியது பரப்பின் ஆய்வே.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. முதலாவது, பரப்பில் உண்மையாகத் தீட்டப்பட்டிருப்பது யாது என்பது விளக்கத்திற்கு முன்பே தீர்க்கப்படவேண்டிய வினா. தலைப்பும் வழிவழிக் கருத்தும் அதற்கு விடையாகா. இரண்டாவது, அறப்பொருளுக்குச் சான்று தனிப்பொருள் அன்று. நடப்பியலை மீறியேனும் ஓவியர் அமைத்த உறவே சான்று. உயர்த்தப்பட்ட சட்ட விளிம்பு வெர்மீரின் ஓவியத்தில் ஸ்டேனின் கற்பலகை செய்யும் பணியைச் செய்கிறது. மூன்றாவது, சின்னநூல்கள் பொருளை நிறுவுவதில்லை. உறவு நிறுவிய பொருள் அக்காலத்தோர்க்கு எட்டக்கூடியதா என்பதை மட்டுமே அவை உறுதிப்படுத்தும்.

இவ்வொழுங்கைப் பின்பற்றினால் சில ஓவியங்களில் அறக்கருத்து இல்லை என்று ஒப்புக்கொள்ள நேரும். டி ஹோக்கின் பெண் நாணயம் நிறுக்கிறாள் என்பதோடு நாம் நிறுத்திக்கொள்ளவேண்டியிருக்கும். அது விளக்கத்தின் தோல்வி அன்று. வெறுந்தட்டில் முத்தைக் கண்ட நெடுங்கால வழக்கு, காண விரும்பியதைக் காணும் இயல்பிலிருந்தே பிறந்தது. அவ்வோவியத்தில் நிற்கும் பெண்ணைப்போல, நிறுக்குமுன் தராசு அசைவற்று நிற்கும்வரை காத்திருத்தல் ஆய்வாளர்க்கும் உரிய கடமையாகும்.